பொங்கல் வாழ்த்தை எப்படி எழுதலாம்? யோசனை சொல்லுங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆபீஸில் வேலை செய்கிறேன். பொங்கலுக்கு எல்லோருக்குமாக ஒரு வாழ்த்து எழுதி போர்டில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். தையல் பிரிவில் அசாம், பீகார்க்காரர்கள் நிறைய. அவர்களுக்கும் அதே நாட்களில்தான் நோம்பி. அசாம்காரர்களுக்கு மாக் பிஹு; முதல் நாள் ராத்திரி கூடிச் சாப்பிட்டு, விடியலில் மூங்கிலும் வைக்கோலும் அடுக்கிய மேஜியைக் கொளுத்துவார்கள். பீகார்க்காரர்களுக்குச் சங்கராந்தி, தயிரும் அவலும் எள்ளு மிட்டாயும். அதனால் 'எங்கள் பொங்கலுக்கு வாருங்கள்' என்று மட்டும் எழுதினால் அவர்கள் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். இப்படி எழுதியிருக்கிறேன்:

'அறுவடை முடிந்து வீடு நிறையும் நாட்கள் இவை. பொங்கல், மாக் பிஹு, சங்கராந்தி கொண்டாடும் எல்லோருக்கும் வாழ்த்துகள். மற்றவர்களுக்கு விடுமுறை இனிதாகட்டும்.'

கடைசி வரிதான் இடிக்கிறது. கட்டிங் மாஸ்டர் எந்தப் பண்டிகையும் கொண்டாடாதவர். இன்னொருவர் வீட்டில் துக்கம், இந்த வருஷம் நோம்பி இல்லை. இவருக்கு வாழ்த்தே சொல்லாமல் நேரில் போய் விசாரிப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். மாஸ்டருக்காக அந்த வரி இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

அப்புறம், பக்கத்து வீட்டில் பெந்தெகொஸ்தே குடும்பம். படையல் போட்டதைச் சாப்பிட மாட்டார்கள். பானை பொங்கியதும் சாமிக்கு வைக்கும் முன்பே ஒரு தூக்கில் தனியாக எடுத்துக் கொடுக்கலாம் என்கிறேன். அம்மா, சாமிக்கு முந்தி எடுக்கக்கூடாது என்கிறார். வேறு அடுப்பில் தனியாக ஒரு சட்டி வைத்துவிடலாமா? உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? அசாமிய மொழி எழுதத் தெரிந்தவர்கள் இருந்தால், அந்த வாழ்த்தையும் எழுதித் தாருங்கள். போகிக்கு முன்னால் ஒட்டியாக வேண்டும்.