v1 மாறவில்லை, f1 மட்டும் ஏன் மாறுகிறது?

வணக்கம். கடலூரில் எம்.எஸ்சி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். டூயல் ஸ்பேஸ் பாடத்தில் மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

R² வெளியில் v1 = (1,0), v2 = (0,1) என்று பேசிஸ் எடுத்தால் அதன் டூயல் பேசிஸ் f1(x,y) = x, f2(x,y) = y. இதில் குழப்பமில்லை. v1-ஐத் தொடாமல் v2-ஐ மட்டும் (1,1) என மாற்றினேன். f2 மாறும், f1 அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு: f1 = x − y ஆகிவிட்டது, f2 அதே y.

கணக்குப் பிழையோ என்று v1, v2 இரண்டையும் நிரல்களாக வைத்து மேட்ரிக்ஸின் இன்வர்ஸ் எடுத்தேன். அதன் நிரைகள் (1,−1), (0,1). அதே விடைதான். (3,2) = 1·v1 + 2·v2 என்பதும் சரி; முன்பு 3 தந்த f1 இப்போது 1 தருகிறது.

பிறகு v2 = (0,5) வைத்துப் பார்த்தேன். f1 மாறவில்லை, f2 மட்டும் y/5 ஆனது. அதனால் f1 பூஜ்யமாகும் கோடுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. அது எப்போதும் v2 போகும் கோடாகவே இருக்கிறது. பாண்டிச்சேரியில் படிக்கும் அக்காவும் இதுவரை ஒத்துக்கொண்டார். பொது நிரூபணம் இருவருக்கும் வரவில்லை.

என் கேள்வி: n பரிமாணத்தில் v1-உம், v2 முதல் vn வரை சேர்ந்து உண்டாக்கும் ஸ்பேனும் மாறாவிட்டால் f1 மாறாது என்பதை எப்படி நிறுவுவது?