லைசென்ஸ் படத்துக்கு ஒரு தலைப்பு வரி வேணும்

அண்ணாமார் அக்காமார், ஒரு சின்ன உதவி. எட்டு ஓடும்போது முதல் தரம் கால் ஊன்றிப் போனது, இரண்டாம் தரம் பாஸ். இப்போது மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கையில் இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாயிற்று, அங்கே ஸ்கூட்டியோடு நின்று எடுத்த படத்தைத்தான் போடப் போகிறேன்.

முதலில் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தைப் போனில் கறுப்பு மார்க்கரால் தேய்த்துவிட்டுத் தம்பியிடம் காட்டினேன், அவன் வெளிச்சத்தைக் கூட்டினான், இலக்கம் அப்படியே தெரிந்தது! மார்க்கர் முழுதாக மறைப்பதில்லையாம். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2006540 என்று தொடங்கினால் 2006 பெப்ரவரி 9இல் பிறந்த பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். விலாசம் வேறு கார்டிலேயே இருக்கிறது. அதனால் எழுத்தெல்லாம் மறைய ஒரு துண்டுக் கடதாசியை மேலே வைத்தே திரும்ப எடுத்தேன், நம்பர் பிளேட்டுக்கு முன்னால் ஹெல்மெட்.

நான் யோசித்த வரி: "எட்டு ஓடியாச்சு, இனி ஏ9 மாடுகள்தான் சோதனை. இரவில் மெதுவாகத்தான் வருவேன்." கொஞ்சம் நீளமோ? சிரிப்பும் வேணும், அம்மா வாசித்தாலும் பயப்படக் கூடாது. நல்லதாக ஒன்று சொல்லுங்கோ, பின்னேரம் போடணும்.