புதுப்பிப்பு: தோழியிடம் சொல்லிவிட்டேன், முழுவதையும் அல்ல

போன வாரம் கேட்டது: "குன்னூர் பஸ்ஸில் மூச்சு முட்டுகிறது, கூட வரும் தோழியிடம் எவ்வளவு சொல்லலாம்?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிடு என்று ஒருவர் எழுதியிருந்தார், பாதி சரி, ஆனால் நர்ஸ் அக்கா ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது: உடம்பில் என்ன நடக்கும், எவ்வளவு நேரம், அவள் என்ன செய்ய வேண்டும், இந்த மூன்று மட்டும் போதும். பர்லியாறு தாண்டியதும் நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், பத்து நிமிஷத்தில் தானாக அடங்கும், அப்போது "பயப்படாதே" என்று சொல்லாமல் ஏதாவது கதை பேசிக்கொண்டிரு என்றேன். அவள் உடனே பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள், வாந்தி என்று நினைத்துவிட்டாள்! (அவளுக்கே மலைப்பாதை ஆகாது, அந்தக் கதையே கால் மணி நேரம்.) மறுபடி சொன்னேன், வயிறு இல்லடி, பயம்.

கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "எதனால?" என்றாள். வீட்டு விஷயம், இப்போ வேண்டாம், யாரிடமும் சொல்லிடாதே என்றேன். சரி என்றாள், ஆனால் முகம் வாடிவிட்டது.

திங்கட்கிழமை அடுத்த தடவை வந்தது. வளைவுக்கு வளைவு அவள் மாமியார் கதைதான். நீளமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கேட்டேன். மாத்திரை சாப்பிடுவதை இன்னும் சொல்லவில்லை, சொல்வேனா தெரியவில்லை.