ஸ்பிட்ஸ் நாய், பிளேட்லெட் லேப்ல 12,000, என் ஸ்லைடுல 70,000. எத நம்புறது?

ஒட்டன்சத்திரம்_வெட்:
எல்லாருக்கும் வணக்கம். கிளினிக் போட்டு எட்டு மாசம்தான் ஆகுது, செல் கவுன்டர் மெஷின் கெடையாது, மைக்ராஸ்கோப் மட்டும் இருக்கு. ஸ்பிட்ஸ், பொட்ட, 6 வயசு, கர்ப்பப்பை எடுத்தாச்சு, சரியா 10 கிலோ. நாலு நாளைக்கு முன்னாடி காய்ச்சல், சாப்பிடலன்னு வந்துச்சு, உடம்பெல்லாம் உண்ணி, நான் தொடையில மெலாக்ஸிகாம் ஊசி போட்டு டாக்ஸிசைக்ளின் எழுதி அனுப்பிட்டேன். இன்னைக்கு காலையில அந்த அக்கா திரும்ப வந்து "தம்பி, நீங்க ஊசி குத்துன எடம் எலுமிச்சம்பழம் மாதிரி கருநீலமா வீங்கிருச்சு"ன்னு சொல்றாங்க. உதட்ட தூக்கிப் பாத்தா ஈறுல மிளகாப்பொடி தூவுன மாதிரி சிவப்புப் புள்ளி, விரலால அழுத்துனா மறையல. அடிவயித்துல அஞ்சு ரூபா காசு அளவு ஊதாத் திட்டு ரெண்டு. பக்கத்துல மனுஷங்க லேப்ல குடுத்தேன், பிளேட்லெட் 12,000, சிவப்பணு அளவு காட்டுற பிசிவி 30. மனுஷ மெஷின்ல நாய் ரத்தம் சரியா வராதுன்னு காலேஜ்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு, அதனால நானே லீஷ்மன் போட்டு எண்ணினேன், பத்து ஃபீல்டுல மொத்தம் 47. சராசரி 4.7, அத 15,000 ஆல பெருக்குனா 70,500 வருது. 70,000 இருந்தா இப்படி ரத்தம் கசியுமா? உண்ணிக் காய்ச்சல்னு டாக்ஸியே போதுமா, இல்ல ஸ்டீராய்டு ஆரம்பிக்கணுமா?

கொசுவலை:
டாக்டர் இல்லிங்க, ஆனா போன வருஷம் எங்க அண்ணனுக்கு டெங்கு வந்தப்ப 18,000க்கு எறங்குச்சு, பப்பாளி இலைச் சாறு குடுத்தோம், நாலே நாள்ல ஏறிருச்சு. நாய்க்கும் குடுத்துப் பாருங்க. ரொம்ப கம்மின்னா பிளேட்லெட் பை ஏத்துவாங்கல்ல, அது நாய்க்கு கெடையாதா?

கம்பம்_வெட்:
தம்பி இது நம்ம ஊர்ல நூத்துக்கு தொண்ணூறு உண்ணி பரப்புற எர்லிக்கியா தான், நான் தெனம் பாக்குறேன். டாக்ஸி 28 நாள் குடு, தானா ஏறும். ஸ்டீராய்டு குடுத்தா எதிர்ப்பு சக்தி கொறஞ்சு கிருமி பெருகிரும், அவசரப்படாத. ஏறலன்னா வின்கிரிஸ்டின் இருக்கே, பிறப்புறுப்புல வர்ற டிவிடி கட்டிக்கு போடுற மாதிரி வாரம் ஒண்ணு நாலு வாரம் போடு.

நாமக்கல்_பழையமாணவி:
தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, எந்த லென்ஸ்ல எண்ணுனீங்க?

ஒட்டன்சத்திரம்_வெட்:
40ல மேடம். ஆயில் தீந்து போச்சு, நாளைக்குத்தான் வரும்.

நாமக்கல்_பழையமாணவி:
அப்ப உங்க ஸ்லைடும் லேபும் ஒரே கதையத்தான் சொல்லுது. 15,000 ஆல பெருக்குறது ஆயில் போட்டு 100ல பாக்குற ஃபீல்டுக்கு மட்டும். 40ல வட்டம் ரெண்டரை மடங்கு அகலம், பரப்புன்னு பாத்தா ஆறேகால் மடங்கு. உங்க 4.7 அ 6.25 ஆல வகுங்க, 0.75 வரும், அத 15,000 ஆல பெருக்குனா சுமார் 11,300. லேப் 12,000. இதுக்கு மேல பொருத்தம் வேணுமா?

அதுக்காக இனிமே 40லயே எண்ணி வகுத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, 40ல சாயத் துகளும் பிளேட்லெட்டும் ஒரே மாதிரி தெரியும். லீஷ்மன்ல துகள் நெறைய விழும், நானே ஒரு காலத்துல அத எண்ணி ஏமாந்திருக்கேன். ஃபோகஸ லேசா மேல கீழ திருப்புங்க, துகள் பளிச்சுன்னு மின்னி கருப்பாகும், செல்லுக்கு மேல தனியா ஒக்காந்திருக்கும். பிளேட்லெட் வெளிறுன பொட்டு மாதிரி, உள்ள ஊதா மணி மணியா இருக்கும். கடன் வாங்கியாவது ஆயில் போட்டு, மொதல்ல ஸ்லைடோட வால் நுனிக்குப் போங்க, அங்கதான் கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு ஒளிஞ்சிருக்கும். கட்டி இருந்தா எண்ணவே வேண்டாம், புதுசா ரத்தம் எடுங்க. இல்லன்னா சிவப்பணு ஒண்ணோட ஒண்ணு லேசா தொட்டும் தொடாமலும் பரவிக் கெடக்குற எடத்துல பத்து ஃபீல்டு எண்ணுங்க. நல்ல நாய்க்கு ஃபீல்டுக்கு பத்துக்கு மேல இருக்கணும். உங்க கண் லென்ஸ் அகலமான புது டைப்புன்னா ஒரு ஃபீல்டுலயே கூட விழும், அப்ப 15,000ங்கிறது கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

ஆனா ஒண்ணு தம்பி, இந்த கேஸ்ல கணக்கே போடாட்டியும் ஈறு சொல்லிருச்சு. புள்ளி புள்ளியா வர்ற ரத்தம் பிளேட்லெட் இல்லாததுக்கு அடையாளம், அதுவும் பெரும்பாலும் 30,000க்கு கீழ போனாத்தான். இனிமே தசையில ஊசி, கழுத்து நரம்புல ரத்தம் எடுக்குறது, ஊசி விட்டு மூத்திரம் எடுக்குறது எல்லாம் நிறுத்துங்க. கால் நரம்புல மட்டும், சின்ன ஊசி, எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிங்க.

லேப்ராடர்_அப்பா_மதுரை:
எங்க லேப்ராடருக்கும் இதேதான் டாக்டர்! போன மாசம் ரிப்போர்ட்ல 38,000னு வந்துச்சு, ஸ்டீராய்டு எழுதிட்டாங்க, குடுத்துக்கிட்டு இருக்கோம். நாய் நல்லா ஓடுது சாப்பிடுது, ஒரு புள்ளி கூட கெடையாது. நிறுத்தலாமா?

நாமக்கல்_பழையமாணவி:
@லேப்ராடர்_அப்பா சார், உங்க கேஸ் இதுக்கு நேர் தலைகீழ். அறிகுறியே இல்லாம எண்ணிக்கை மட்டும் கம்மின்னா ரத்தம் எடுக்கும்போது கட்டி தட்டிருச்சோன்னு சந்தேகப்படணும். ஸ்லைடு பாத்தாங்களான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆனா நாள் கணக்கா குடுத்த ஸ்டீராய்ட நீங்களா திடீர்னு நிறுத்திராதீங்க.

ஒட்டன்சத்திரம்_வெட்:
மேடம், எதிர் வீட்டு சார் லேப்ல இருந்து ஆயில் வாங்கிட்டு வந்தேன். வால்ல கட்டி இல்ல. பத்து ஃபீல்டுல மொத்தமே 6. அப்படின்னா 9,000. பிளேட்லெட் சிலது சிவப்பணு அளவுக்கு பெருசா இருக்கு. பேபீசியா தெரியல. எர்லிக்கியா கிட் போட்டேன், பாசிட்டிவ். அப்ப கம்பம் சார் சொன்னது சரிதானா?

நாமக்கல்_பழையமாணவி:
பாதி சரி. கிட் காட்டுறது எதிர்ப்புப் பொருள, கிருமிய இல்ல. உண்ணி மேயுற ஊர்ல போன வருஷம் வந்து போயிருந்தாக்கூட கோடு விழும். பிசிஆருக்கு டாக்ஸி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்திருக்கணும், இப்ப நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது. அதனால இது உண்ணியால கெளம்புனதா, தானா வந்ததான்னு உங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியாம போகலாம். ரெண்டுலயும் நாயோட உடம்பே தன் பிளேட்லெட்ட அழிக்குது. எர்லிக்கியா மட்டும்னா 50,000, 80,000ங்கிற மாதிரி நிக்கிறததான் நான் அதிகம் பாத்திருக்கேன். 9,000ல ரத்தம் கசியும்போது டாக்ஸி வேலை செய்யுற வரைக்கும் காத்திருந்தா, குடல்லயோ மூளையிலயோ கசிஞ்சா என்ன பண்ணுவீங்க?

டாக்ஸி 100 தெனம் ஒண்ணு, 28 நாள், நிறுத்தாதீங்க, சாப்பாட்டோட குடுத்து தண்ணி குடிக்க வைங்க. கூடவே பிரட்னிசலோன் கிலோவுக்கு 2 மில்லிகிராம், இதுக்கு நாளைக்கு 20. வின்கிரிஸ்டின் ஒரே ஒரு தடவை, கிலோவுக்கு 0.02, அதாவது 0.2 மில்லிகிராம், உங்க வயல்ல 0.2 மில்லி தான். டிவிடி மாதிரி வாரா வாரம் இல்ல. புதுசா கேனுலா போட்டு, சலைன் ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க, நரம்புக்கு வெளிய ஒரு சொட்டு போனா தோல் அழுகிரும். 

என்ன உறுத்துறது அந்த மெலாக்ஸிகாம் தான். அதுக்கு மேல ஸ்டீராய்டுன்னா வயித்துல புண்ணு வர வாய்ப்பு ஜாஸ்தி. மலம் என்ன கலர்?

கம்பம்_வெட்:
மெலாக்ஸிகாம் போட்டா அஞ்சு நாள் விட்டுத்தான் ஸ்டீராய்டு மேடம், ரூல் அதான்.

நாமக்கல்_பழையமாணவி:
சாதாரண கேஸ்னா நானும் விடுவேன் சார். இங்க அஞ்சு நாள் நம்ம கையில இல்ல, ஊசி போட்டும் நாலு நாள் ஆயிருச்சு. ஒமிப்ரசோல் சேத்து இன்னைக்கே ஆரம்பிப்பேன்.

ஒட்டன்சத்திரம்_வெட்:
மலம் கருப்பாத்தான் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா தெனம் ஈரல் போடுறாங்களாம். வெள்ளத் தாள்ல கொஞ்சம் தடவி தண்ணி விட்டுப் பாத்தேன், சுத்தி செம்பழுப்பா ஊறுச்சு. ரத்தம்தான் போல.

நாமக்கல்_பழையமாணவி:
அப்ப கவனம். வயித்துல கசியுற கேஸ்தான் கைய விட்டுப் போகும். தெனம் பிசிவி பாருங்க. எண்ணிக்கைய விட ஈறு வெளுக்குதா, மூச்சு எரைக்குதா, இதயத் துடிப்பு ஏறுதான்னு பாருங்க, அப்படி ஆனா ரத்தம் ஏத்த நாமக்கல் காலேஜுக்கு அனுப்பிருங்க. @கொசுவலை கேட்டதுக்கும் இதான் பதில், நாம ஏத்துற பிளேட்லெட்டையும் அந்த உடம்பு சில மணி நேரத்துல அழிச்சிரும், ரத்தம் ஏத்துறது சோகைக்காகத்தான். டெங்குல அண்ணனுக்கு சாறு இல்லாமயும் அந்த நாள்ல ஏறியிருக்கும். ஈறு கசியுற நாய் வாயில கசப்ப ஊத்தி மல்லுக்கட்ட வேண்டாம். எலும்பு, கடிக்கிற பொம்மை எதுவும் வேண்டாம், பெசஞ்ச சோறு, படியேறாம கூண்டுல.

ஒட்டன்சத்திரம்_வெட்:
அப்டேட். நீங்க சொன்ன மருந்து ஆரம்பிச்ச ரெண்டாம் நாள் பிசிவி 25க்கு எறங்குச்சு, ராத்திரி தூங்கல நான். ஈறு அவ்வளவா வெளுக்கல, அதனால அனுப்பாம பாத்துக்கிட்டேன், தப்பா சரியான்னு தெரியல. நாலாம் நாள் ஆயில்ல பத்து ஃபீல்டுக்கு 22, அதாவது 33,000. புதுப் புள்ளி வரல. எட்டாம் நாள் 118 எண்ணுனேன், 1,77,000. பிசிவி 28. தொடை வீக்கம் பச்சை மஞ்சளா மாறி வத்திக்கிட்டு இருக்கு. அக்காவுக்கு இப்ப வேற கம்ப்ளெய்ன்ட், குடம் குடமா தண்ணி குடிக்குது, சோபா பூரா மூத்திரம், மாத்திரைய எப்ப கொறைப்பீங்கன்னு தெனம் போன்.

நாமக்கல்_பழையமாணவி:
நல்லா ஏறியிருக்கு. சோபாவுக்கு பாலித்தீன் விரிக்கச் சொல்லுங்க, இப்ப கொறைச்சா திரும்ப விழும். எண்ணிக்கை இப்படியே ரெண்டு வாரம் நிக்கட்டும், அப்புறம் கால் பங்கு கொறைங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருதடவ, ஒவ்வொரு தடவையும் கொறைக்கிறதுக்கு முன்னாடி ஸ்லைடு பாத்துட்டு. மொத்தம் நாலஞ்சு மாசம் இழுக்கும். வீட்டுல தெனம் காலையில உதட்ட தூக்கிப் பாக்கச் சொல்லுங்க, புள்ளி திரும்ப வந்தா அவங்க கண்ணுக்குத்தான் மொதல்ல தெரியும். உண்ணி மருந்த மாசா மாசம் விடக்கூடாது.

கம்பம்_வெட்:
ஏறுனது டாக்ஸியாலயா ஸ்டீராய்டாலயான்னு சொல்லுங்க பாப்போம் 😀

நாமக்கல்_பழையமாணவி:
சொல்ல முடியாது சார். நாலு நாள்ல ஏற ஆரம்பிச்சத பாத்தா வின்கிரிஸ்டின் பங்கு இருக்குன்னு தோணுது, அவ்வளவுதான்.

ஒட்டன்சத்திரம்_வெட்:
இன்னொண்ணு மேடம், அடுத்த மாசம் ரேபிஸ் ஊசி டியூ. போடலாமா, தள்ளிப் போடலாமா?

நாமக்கல்_பழையமாணவி:
இந்த டோஸ் ஸ்டீராய்டுல இருக்கும்போது நான் போட மாட்டேன். கொறைச்சு முடிச்சப்புறம் போடலாமான்னா என் கூடப் படிச்சவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, நம்ம ஊர்ல ரேபிஸ விடவும் மனசு வராது. தெருநாய் பக்கம் விடுவாங்களா, வீட்டுக்குள்ளயே வளருதா?

ஒட்டன்சத்திரம்_வெட்:
மாடி வீடு, ஆனா சாயந்திரம் தெருவுல நடக்கக் கூட்டிட்டுப் போவாங்க. கேட்டுட்டு சொல்றேன்.