புதுப்பிப்பு: புஷ் என்ற உதிரிபாகத்துக்கு இரட்டை ஆர்டர்

என் பழைய கேள்வி: "பெட்டி காலியானதும் கார்டு வழியா ஆர்டர் போற கான்பான் முறை போட்ட பிறகும் ஒரே புஷ்ஷுக்கு ரெண்டு ஆர்டர் போகுது. கார்டு அதிகமா இருக்கா?"

திருவொற்றியூர் பட்டறையில் மூன்று வாரம் பார்த்தாச்சு. கார்டைக் குறைக்கச் சொன்ன தம்பி பாதி சரி. குறைத்ததும் சரக்கு குறைந்தது, ஆனால் லைன் இரண்டு முறை நின்றது.

ஆர்டர் இரண்டு வழியில் போகிறது என்று மணலி அண்ணன் சொன்னதுதான் காரணம். காலியான பின்னை, அதாவது புஷ் வைக்கும் பெட்டியை, ஸ்கேன் செய்தால் ஓர் ஆர்டர். தேவையான பொருளைக் கணக்கிடும் எம்ஆர்பி மென்பொருளின் இரவு ஓட்டம் வாரத் தேவையைப் பார்த்துத் தனியாக ஒரு கோரிக்கை எழுப்புகிறது, பர்ச்சேஸில் அதையும் ஆர்டராக மாற்றிவிடுகிறார்கள். இப்போது இந்தப் பொருளுக்கு எம்ஆர்பி சப்ளையருக்கு முன்கணிப்பு மட்டும் தரும். ஆர்டர் கார்டிலிருந்துதான்.

கார்டுக் கணக்கையும் திருத்தினோம். தினத் தேவை 480, வந்து சேர 2 நாள், பாதுகாப்புக்கு 25 சதவீதம், பின்னுக்கு 200. ஆக 6 கார்டு.

அப்புறம் ஒன்று கண்ணில் பட்டது. ஷிப்ட் முடிவில் மொத்தமாக ஸ்கேன் செய்கிறார்கள். அதுவரை பெட்டி காலி, திரையில் நிறைந்தது என்று காட்டும். இப்படித் தாமதமாகும் அரை நாளும் வரவு நேரத்தில் சேர்ந்துவிடுகிறது. லைன் நின்றது பெரும்பாலும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

தினத் தேவை 640 ஆக உயர்ந்தால் 8 கார்டு வேண்டும். அதை யார் எப்போது மாற்றுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.