எடுப்பு வட்டி: புக்ல 720, எனக்கு 1,440. அவசரம்!!

கடைசிபெஞ்ச்_12: கூட்டாளி எடுப்பு 24,000, வட்டி 6%. எனக்கு 1,440 வருது, புக்ல 720. எது சரி? நாளைக்கு டெஸ்ட்.

பேரேடு: எந்தெந்த தேதியில எடுத்தாரு?

கடைசிபெஞ்ச்_12: தேதியே இல்ல.

சிவகாசி_தம்பி: புக் தப்பு. ஒப்பாவணத்துல இல்லன்னா சட்டப்படி 6%, அதான் 1,440.

கணக்குப்புலி: சட்டத்தைப் படிச்சிட்டு வாங்க தம்பி. 1932 கூட்டாண்மைச் சட்டத்துல அந்த 6% கூட்டாளி கொடுத்த கடனுக்கு. ஒப்பாவணம் பேசலன்னா எடுப்புக்கு வட்டியே கிடையாது. பதினொண்ணாவது பசங்களுக்கே தெரியும்.

சிவகாசி_தம்பி: பார்ட்னர்ஷிப் பாடமே பன்னிரண்டாவதுலதான் சார் வருது 🙂

மலர்_டீச்சர்: கேள்வியில 'ஆண்டுக்கு 6%'னு இருக்கா, வெறும் 6%ன்னு இருக்காப்பா? வெறும் 6%ன்னா காலம் பார்க்காம 1,440 போடுறது வழக்கம். 'ஆண்டுக்கு'ன்னு இருந்தா தேதி வேணும். தேதி தராதப்போ வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாருன்னு வச்சு, சராசரி 6 மாசத்துக்குப் போடுவோம். 24,000-க்கு அது 720.

அப்பவும் நீ 1,440 போட்டா, மொத்தப் பணத்தையும் ஏப்ரல் 1 அன்னைக்கே எடுத்துட்டாருன்னு ஆகுது. அதுவும் அனுமானம்தான், நீ எழுதிக் காட்டல, அவ்வளவுதான். விடைக்கு மேலேயே ஒரு வரி போடு: "எடுப்புத் தேதி தரப்படவில்லை, ஆண்டு முழுவதும் சீராக எடுத்ததாகக் கொண்டு 6 மாதங்களுக்கு வட்டி கணக்கிடப்பட்டுள்ளது." கீழே மாற்று விடை: "ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 2,000 எடுத்திருப்பின் 6½ மாதங்களுக்கு ₹780; மாத இறுதியெனில் 5½ மாதங்களுக்கு ₹660." பகிர்வுக் கணக்குக்கு 720-ஐ மட்டும் கொண்டு போ. மூணு கணக்கு போட்டுட்டு உட்காராதே.

பேரேடு: அப்போ இலாபப் பகிர்வு விகிதம் தரலன்னா அதுக்கும் 'சமமாகக் கொள்ளப்படுகிறது'ன்னு எழுதணுமா?

மலர்_டீச்சர்: அது அனுமானம் இல்லங்க. ஒப்பாவணம் சொல்லலன்னா சமம்னு சட்டமே சொல்லுது, அதனால 'சட்டப்படி சமம்'னு எழுதணும். தேதிக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்ல.

நாகை_பி.காம்: எனக்கு இயந்திரத் தேய்மானத்துல இதே கதை. 10%, வாங்கின தேதி இல்ல. முழு வருஷத்துக்குப் போட்டேன், குறிப்பு எழுதல, மார்க் போச்சு.

கணக்குப்புலி: மாற்று விடை எழுதறதே ஆபத்து. பையனுக்கு எதுவும் தெரியலன்னு திருத்துறவர் நினைப்பார்.

மலர்_டீச்சர்: காரணமே சொல்லாம ரெண்டு எண்ணை எழுதினாதான் அப்படி நினைப்பாங்க. எந்த நிபந்தனையில எந்த விடைன்னு இருந்தா நான் மார்க் குறைச்சதில்ல.

கணக்குப்புலி: நீங்க குறைக்க மாட்டீங்க. பேப்பர் உங்ககிட்டயேவா வரப்போகுது?

கடைசிபெஞ்ச்_12: 'ஆண்டுக்கு'ன்னுதான் இருக்கு, சாரி. 720 + குறிப்பு. தேங்க்ஸ் மிஸ்.

சிவகாசி_தம்பி: மாற்று விடை எழுதப் போறியா இல்லையா?