பொருள்: செயலியைத் திறக்கும் இணைப்புக்கும் அதற்கு முன் வரும் கேள்விக்கும் தமிழ்ச் சொல்

தருமபுரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். உலாவி மொழிபெயர்ப்பில் இரண்டு தொடர்கள் முடியாமல் நிற்கின்றன. தொட்டவுடன் பணச் செயலியையோ அரட்டைச் செயலியையோ திறக்கவேண்டிய இணைப்புக்கு ஒரு பெயர் வேண்டும். திறக்கும் முன் உலாவி கேட்கிறதே, அந்தக் கேள்விக்கும் ஒரு பெயர் வேண்டும்.

முதலாவதற்கு 'ஆழ் இணைப்பு' என்று முன்பு எழுதிவைத்தோம். எனக்கு அது ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் குறித்தது, ஒரு தளத்தின் முகப்பைத் தாண்டி உள்பக்கத்துக்கே நேராகப் போகும் இணைப்பை. செயலி திறப்பதில் ஆழம் எங்கே இருக்கிறது? உலாவி தன்னால் ஆகாத முகவரியை வேறொரு செயலியிடம் கொடுக்கிறது. 'ஒப்படைப்பு இணைப்பு' எனலாமா?

பாலக்கோட்டிலிருந்து

அண்ணா, செயலி போனில் இல்லாதபோதுதான் இணைப்பு உலாவியிலேயே நின்றுபோகும். 'செயலி இல்லை' என்று ஒரு வரி காட்டினால் போதும். புதுச்சொல் எதற்கு?

காவேரிப்பட்டினத்திலிருந்து

தம்பி சொல்வது என் அனுபவத்தோடு பொருந்தவில்லை. மாம்பழப் பெட்டி விற்க ஒரு சிறிய தளம் வைத்திருக்கிறேன். பணம் செலுத்தும் பொத்தானின் பின்னால் இருப்பது இதுதான் (கணக்குப் பெயரை மாற்றியிருக்கிறேன்):

```
upi://pay?pa=kadai@vangi&pn=Mambazham&am=450.00&cu=INR
```

குரோமில் திறந்தவர்களுக்கு வேலை செய்தது. சமூக வலைச் செயலியில் என் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்களுக்கு வெள்ளைப் பக்கமும் `net::ERR_UNKNOWN_URL_SCHEME` என்ற வரியும்தான் வந்தன. அவர்கள் போனிலும் பணச் செயலி இருந்தது. ஓர் அம்மா பணம் போய்விட்டதோ என்று பயந்து இரவு பத்து மணிக்கு அழைத்தார்.

ஒசூரிலிருந்து

அக்கா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த விளம்பரம் திறந்தது குரோமில் அன்று, சமூக வலைச் செயலி தனக்குள் வைத்திருக்கும் உள்ளுலாவியில். ஆண்ட்ராய்டில் அந்த உள்ளுலாவிக்கு `https` தெரியும், `upi` தெரியாது. தெரியாத முகவரி வந்தால் அதை ஆண்ட்ராய்டிடம் கொடுக்கும்படி அந்தச் செயலியை எழுதியவர்கள்தான் நிரல் சேர்த்திருக்கவேண்டும். சேர்க்காவிட்டால் அதையும் ஒரு வலைப்பக்கமாகத் திறக்கப் பார்த்துத் தோற்கிறது. கோரிக்கை பணச் செயலியைத் தொடவே இல்லை, ஆகவே பணமும் போயிருக்காது. மூலைப் பட்டியலில் 'உலாவியில் திற' என்பதைத் தொட்டு வந்தால் அதே பொத்தான் வேலை செய்யும். எதற்கும் பொத்தானுக்குக் கீழே உங்கள் யுபிஐ முகவரியை நகலெடுக்கும்படி எழுத்தாகப் போட்டுவையுங்கள்.

அரட்டை இணைப்பு மாட்டிக்கொள்வது வேறு விதம். `https://wa.me/` என்று தொடங்குவது சாதாரண வலைமுகவரி. பல நேரம் பிழை எதுவும் வராமல், செயலிக்குப் பதில் ஒரு வலைப்பக்கம் அமைதியாகத் திறந்து நிற்கும். ஐபோனில் அதே முகவரியை முகவரிப் பட்டையில் ஒட்டினாலும் சஃபாரியிலேயேதான் திறக்கும். எனவே தம்பி, 'செயலி இல்லை' என்று காட்டினால் பல நேரம் அது பொய்யாகிவிடும்.

சொல்லைப் பற்றி: 'ஒப்படைப்பு' வேண்டாம். பணம் கட்டும் நேரத்தில் 'ஒப்படைக்கவா?' என்று திரை கேட்டால் அந்த அம்மா பணத்தையே ஒப்படைப்பதாக நினைப்பார். 'கையளிப்பு' என்பேன்.

ஊத்தங்கரையிலிருந்து

வெளி இணைப்பு என்றால் புதிய தாவலில் திறப்பதுதானே? 'நீங்கள் இத்தளத்தை விட்டு வெளியேறுகிறீர்கள்' என்று வங்கித் தளங்கள் எச்சரிப்பதற்கு ஏற்கெனவே 'வெளியேற்ற அறிவிப்பு' என்று எழுதிவிட்டேனே.

தருமபுரியிலிருந்து

ஐயா, அது வேறு. அந்த அறிவிப்பைக் காட்டுவது தளம். அதன் பிறகும் நாம் உலாவிக்குள்தான் இருக்கிறோம். நான் கேட்பது உலாவியே காட்டும் கேள்வி. ஒரு பக்கம் நம்மைக் கேட்காமல் வேறு செயலிக்குள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக அது வருகிறது. ஆனாலும் நீங்கள் குழம்பியதே இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும் என்பதற்குச் சான்று. 'வெளியேற்றம்' என்றால் துரத்துவதுபோல் இருக்கிறது, 'வெளித்தள அறிவிப்பு' என மாற்றிவிடுங்கள்.

'கையளிப்பு' எனக்குச் சம்மதம். கேள்விக்குக் 'கையளிப்பு ஒப்புதல்' என்று பட்டியலில் பெயர் வைத்து, திரையில் மட்டும் 'இதைத் திறக்க வேறு செயலிக்குச் செல்லவா?' என எழுதலாம்.

பாலக்கோட்டிலிருந்து

உள்ளுலாவி என்று ஒன்று இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது. 'இணைப்பு' என்ற சொல்லையும் பாருங்கள் அண்ணா. மின்னஞ்சலோடு வரும் கோப்பும் இணைப்பு, இணையம் கிடைப்பதும் இணைப்பு. 'கையளிப்புச் சுட்டி' எப்படி?

ஒசூரிலிருந்து

சுட்டியை மவுஸுக்குக் கொடுத்துவிட்டோமே தம்பி. 'தொடுப்பு' என்று இலங்கை நண்பர்கள் எழுதுகிறார்கள். நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, பெண்கள் படிக்கும் திரையில் நான் வைக்கமாட்டேன்.

தருமபுரியிலிருந்து

அப்படியானால் இப்போதைக்குக் 'கையளிப்பு இணைப்பு' என்றே ஏற்றுகிறேன். 'செல்லவா?' என்ற வரியைக் காவேரிப்பட்டினத்து அக்கா தம் வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் காட்டி, என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதவேண்டும். அதுவரை அந்த வரி வரைவாகவே இருக்கும்.